நோட் பக்கத்தில்தான் இருக்கிறது, சிக்னலும் ஃபுல். அப்புறம் ஏன் கேம் லேக் ஆகிறது?

கீழே ஹாலில் ஃபைபர் இணைப்பும் மெயின் ரவுட்டரும். மாடியில் பின்பக்க அறையில் டிவியும் கன்சோலும். வைஃபை அங்கே சரியாக எட்டவில்லை என்று பல பெட்டிகளால் வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மெஷ் செட் ஒன்று வாங்கி, அந்தப் பெட்டிகளில் ஒன்றை, அதாவது ஒரு நோடை, டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தாயிற்று. கன்சோலில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ஸ்பீட் டெஸ்ட் 80 எம்பிபிஎஸ் என்கிறது. யூடியூபில் 4கே வீடியோ ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் ஆன்லைன் மேட்ச் தொடங்கிய சில நிமிடங்களில், ஓடிக்கொண்டிருந்த எதிராளி சிலைபோல் நின்று, திடீரென்று பத்தடி தள்ளி முளைக்கிறார். நாம் சுட்டது பட்டதா இல்லையா என்பது அரை நொடி கழித்துத்தான் தெரிகிறது.

இப்படி நடக்க எந்தச் சாதனமும் பழுதாகியிருக்க வேண்டியதில்லை. கன்சோலில் தெரியும் சிக்னல் கோடுகள், கன்சோலுக்கும் நோடுக்கும் நடுவே உள்ள இரண்டு மீட்டரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. நோடுக்கும் கீழே இருக்கும் மெயின் ரவுட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. லேக் பெரும்பாலும் பிறப்பது அந்த இடத்தில்தான்.

## வேகம் வேறு, நேரம் வேறு

துப்பாக்கிச் சண்டை, கார் ரேஸ், கால்பந்து என எந்த ஆன்லைன் கேமாக இருந்தாலும், விளையாடும்போது அது இழுக்கும் டேட்டா மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்கூட ஆகாது. கேமை டவுன்லோடு செய்யத்தான் பெரிய வேகம் வேண்டும், ஆடுவதற்கு அல்ல. ஆடும்போது சர்வர் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக, கேமைப் பொறுத்து நொடிக்கு 30, 60, சிலவற்றில் 128 தடவை, ‘இப்போது யார் எங்கே இருக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 60 என்றால் ஏறத்தாழ 17 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட். அந்த ஒழுங்கு தவறாமல் வந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

பஸ் ஸ்டாண்டில் நின்ற யாருக்கும் இது புரியும். மணிக்கு ஆறு பஸ் என்று போர்டில் இருக்கும், கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் நாற்பது நிமிடம் ஒன்றும் வராமல், பிறகு நான்கு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றால் அந்தக் கணக்கால் நமக்கு என்ன பயன்? ஸ்பீட் டெஸ்ட் பார்ப்பது மணிக்கு எத்தனை பஸ் என்பதை. கேமுக்கு வேண்டியது பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கு.

இதை அளக்க மூன்று சொற்கள் உண்டு. ஒரு பாக்கெட் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம் பிங். அந்த நேரம் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ஜிட்டர். போன பாக்கெட்டுக்குப் பதிலே வராமல் போனால் அது பாக்கெட் லாஸ். பிங் சீராக 60 இருந்தால் பெரும்பாலான கேம்கள் அதற்குத் தகுந்தபடி தங்களைச் சரிசெய்துகொள்ளும். 8, 9, 8, 140, 7 என்று வந்தால் எதற்கென்று சரிசெய்வது?

யூடியூப் ஏன் தப்பிக்கிறது என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. அது பல நொடிகளுக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நடுவில் கால் நொடி நின்றாலும் நமக்குத் தெரியாது. எதிராளி அடுத்து எங்கே ஓடுவார் என்பதை எந்தக் கேமாலும் முன்கூட்டியே இறக்கி வைக்க முடியாது.

தூரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லி செகண்ட் போதும். சுற்றுவழி, நடுவிலுள்ள சாதனங்கள் எல்லாம் சேர்ந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். சிங்கப்பூர் சர்வர் என்றால் கடலடிக் கேபிளில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆகவே இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் இந்தத் தாமதங்கள் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். மாநிலம் தாண்டி, கடல் தாண்டி ஒழுங்காக வந்த பாக்கெட், வீட்டுக்குள் கடைசிப் பன்னிரண்டு மீட்டரில் நொண்டுகிறது.

## நோட் என்பது அஞ்சல் செய்யும் இன்னொரு வானொலி

மெஷ் நோடை ‘இன்னொரு ரவுட்டர்’ என்று நினைப்பதால்தான் குழப்பமே. மெயின் ரவுட்டருக்கு இன்டர்நெட் கேபிள் வழியாக வருகிறது. மாடியில் இருக்கும் நோடுக்கு வருவது கரண்ட் வயர் மட்டும்தான். இன்டர்நெட்டை அது மெயின் ரவுட்டரிடமிருந்து வைஃபையாகவே வாங்கி, வைஃபையாகவே கன்சோலுக்குக் கொடுக்கிறது. மெயின் ரவுட்டருக்கும் நோடுக்கும் உள்ள இந்த இணைப்பைப் பேக்ஹால் என்பார்கள்.

ஆகவே கன்சோலின் பாக்கெட் காற்றில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை பயணம் செய்கிறது. நடுவில் இன்னொரு நோடும் இருந்தால் மூன்று தடவை. இந்த ஒவ்வொரு பயணத்தையும் ஒரு தாவல் என்போம். ஒரு பட்டனை அழுத்தியதும் நடப்பது இது:

1. கன்சோல், தன் சேனலில், அதாவது தான் பேசும் ரேடியோ அலைவரிசையில், வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கிறது. யாரும் இல்லையென்றால் சிறிது நேரம் காத்திருந்து நோடுக்கு அனுப்புகிறது.
2. கிடைத்தது என்று நோட் பதில் தருகிறது. அந்தப் பதில் வராவிட்டால் கன்சோல் மறுபடி அனுப்ப வேண்டும்.
3. இப்போது நோட், சேனல் காலியாகும்வரை தன் பங்குக்குக் காத்திருந்து, அதே பாக்கெட்டை மெயின் ரவுட்டருக்கு அனுப்புகிறது.
4. ரவுட்டரின் ஒப்புதல் வராவிட்டால் நோடும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.
5. ரவுட்டர் அதைக் கேபிளில் ஏற்றி சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வரும் பதில் இதே இரண்டு தாவலையும் தலைகீழாகத் தாண்ட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் வீட்டுக்குள் ஆகும் மொத்த நேரம் நான்கைந்து மில்லி செகண்ட்தான். மெஷ் வைத்தாலே லேக் வரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் அதனால் சரியில்லை. ஒன்றாம், மூன்றாம் படிகளில் உள்ள காத்திருப்பும், இரண்டாம், நான்காம் படிகளில் உள்ள மறு அனுப்பலும் பெருகும்போதுதான் ஆட்டம் கெடுகிறது.

## ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்

கேபிளில் போக்கும் வரத்தும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபை அப்படி இல்லை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும், மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்பாவின் லேப்டாப்பில் பெரிய ஃபைல் இறங்குகிறது என்றால், ரவுட்டர் நிறையப் பாக்கெட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். வைஃபை விதிப்படி அப்படி ஒரு கட்டு ஏறத்தாழ ஐந்தரை மில்லி செகண்ட் வரை சேனலைப் பிடித்துக்கொள்ளலாம். கேம் பாக்கெட் அளவில் சின்னது, ஒரு மில்லி செகண்டில் சிறு பகுதியே போதும். ஆனாலும் அந்தக் கட்டு முடியும்வரை நிற்கத்தான் வேண்டும். இப்படி இரண்டு மூன்று பேர் முன்னால் நின்றால், கேமுக்கு உரிய 17 மில்லி செகண்ட் கெடு போயே போய்விடும்.

சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மெஷ் செட்டுகள் பெரும்பாலும் டூயல்-பேண்ட், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ. கன்சோல் 5-இல் நோடுடன் பேசுகிறது. நோடும் அதே 5-இல், அதே சேனலில்தான் ரவுட்டருடன் பேசுகிறது. ஒரே வேலைக்காரர் வாசலில் வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிற கதை, வாங்கும்போது கொடுக்க முடியாது. எனவே வேகம் பாதியாகும். அது போனால் போகட்டும், 80 எம்பிபிஎஸ் கேமுக்கு ஏராளம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் சேனலை இரண்டு தடவை அடைப்பதால் வரிசையும் அந்த அளவு நீளும். மாடியில் ஓடும் 4கே வீடியோவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

இதோடு ஒரு மறைமுகச் சிக்கலும் உண்டு. ‘பேசும் முன் கேள்’ என்ற விதி, எல்லோர் குரலும் எல்லோருக்கும் கேட்டால்தான் பலிக்கும். மாடியில் இருக்கும் கன்சோலுக்குக் கீழே இருக்கும் ரவுட்டரின் குரல் சரியாகக் கேட்பதில்லை. சரியாகக் கேட்டிருந்தால் நோடே வாங்கியிருக்க மாட்டோமே! ஆகவே ரவுட்டர் நோடுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே, சேனல் காலி என்று நினைத்துக் கன்சோலும் பேச ஆரம்பிக்கலாம். நடுவில் இருக்கும் நோடின் காதில் இரண்டும் மோதி, இரண்டுமே வீணாகலாம். இதைத் தவிர்க்க, முன்கூட்டி அனுமதி கேட்டு அனுப்பும் ஏற்பாடு வைஃபையில் இருக்கிறது. ஆனால் சின்னப் பாக்கெட்டுகளுக்குப் பல சாதனங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. கேமின் பாக்கெட்டுகள் எல்லாமே சின்னவை.

மோதியோ, சிக்னல் பலவீனத்தாலோ ஒரு பாக்கெட் தவறினால், அனுப்பியவர் அடுத்த தடவை இன்னும் நீண்ட நேரம் காத்திருந்து அனுப்ப வேண்டும் என்பது விதி. எவ்வளவு காத்திருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கூறு 9 மைக்ரோ செகண்ட். முதலில் 0 முதல் 15 கூறுக்குள் ஓர் எண், தவறினால் 31-க்குள், பிறகு 63, 127 என்று இரட்டித்து 1,023 வரை போகும். 1,023 கூறு என்றால் 9 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். அதுவும் அந்தக் கடிகாரம் சேனல் காலியாக இருக்கும்போது மட்டும்தான் ஓடும். பக்கத்தில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால், நின்று நின்று எண்ணி முடிக்க 30, 50, 100 மில்லி செகண்ட்கூட ஆகிவிடும். பல தடவை முயன்றும் முடியாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எதிராளி சிலைபோல் நின்று பிறகு தாவுவதன் பின்னணி இதுதான். ஐந்தாறு பாக்கெட்டுகள் நோடில் முடங்கிக் கிடந்து, வழி கிடைத்ததும் மொத்தமாக வந்து சேர்கின்றன.

## ஃபுல் சிக்னல் எப்படி ஏமாற்றுகிறது

தவறி விழும் பாக்கெட்டுகள் எங்கே அதிகம்? சிக்னல் பலவீனமாக உள்ள தாவலில். டிவிக்குப் பக்கத்தில் நோட் இருக்கும்போது கன்சோல்-நோட் தாவல் அருமையாக இருக்கும். ரவுட்டர்-நோட் தாவல்தான் பாவம்.

சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்களாகச் சொல்வார்கள். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 அருமை, -65 வரை பரவாயில்லை, -70 தாண்டினால் சந்தேகம், -80 என்றால் பெயருக்குத்தான் இணைப்பு. 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகும், 20 குறைந்தால் நூறில் ஒன்று. நம் வீடுகளின் கனமான செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸைத் தாராளமாகத் தின்னும். தளம் ஒன்றே 15 டெசிபலுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பல மெஷ் கம்பெனிகள் பெட்டியின் மேல் போடும் சதுர அடிக் கணக்கு, மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வெளிநாட்டு வீட்டுக்குப் பொருந்தலாம். நம் வீட்டுக்கு அதில் பாதியை நம்பினாலே அதிகம்.

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் கீழ்த்தளத்தில் முன்பக்க மூலையில், ஃபைபர் வயர் உள்ளே நுழையும் ஜன்னலோரம். கன்சோல் மாடியில் பின்பக்க அறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர். நோட் டிவி ஸ்டாண்டின் மேல். கன்சோல் நோடைக் கேட்பது -42-இல், எல்லாக் கோடும் பளிச்சென்று. நோட் ரவுட்டரைக் கேட்பதோ -76-இல். இந்த இரண்டாவது எண் கன்சோலில் எங்கும் தெரியாது. மெஷ் ஆப்பில் அந்த நோடைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சில ஆப்கள் எண்ணைக் காட்டும், சில நல்லது, சுமார், மோசம் என்று மட்டும் சொல்லும்.

நோடைக் கன்சோலுக்குப் பக்கத்தில் வைப்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. விளைவோ, கன்சோலுக்கு இருந்த பலவீனமான இணைப்பை நோடின் தலையில் மாற்றிக் கட்டியதுதான்.

## ட்ரை-பேண்ட் வாங்கினால்?

பேக்ஹாலுக்கென்று மூன்றாவது ரேடியோ இருந்தால், வாங்குவதும் கொடுப்பதும் வெவ்வேறு சேனலில் ஒரே நேரத்தில் நடக்கும். பாதியாகும் பிரச்சினையும் மோதலும் பெரிதும் குறையும். காசுக்கேற்ற பலன் உண்டு. ஆனால் -76 என்ற எண்ணை மூன்றாவது ரேடியோவால் மாற்ற முடியாது, சுவர் அதே சுவர்தான். 6 கிகாஹெர்ட்ஸ் பேக்ஹால் என்றால் சுவரிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தோற்கும்.

5-இல் சிக்னல் மிகவும் போனால், சில செட்டுகள் சத்தமில்லாமல் பேக்ஹாலை 2.4-க்கு மாற்றிவிடும். அது சுவரைத் தாண்டும், ஆனால் அங்கே ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் ஸ்பீக்கர், போதாக்குறைக்குக் கையில் பிடித்திருக்கும் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் புளூடூத் எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் குடியிருக்கின்றன.

## கன்சோல் எந்த நோடைப் பிடித்திருக்கிறது?

எதோடு இணைவது என்பதை முடிவுசெய்வது மெஷ் அல்ல, கன்சோல்தான். மெஷ் சிபாரிசு மட்டும் செய்யலாம். போன் கையோடு நடமாடுவதால் அடிக்கடி மாற்றிப் பார்த்துக்கொள்ளும். கன்சோல் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றைப் பிடித்தால் விடாது.

பவர் கட் ஆகும் வீடுகளில் இது சகஜம். மெயின் ரவுட்டர் இன்வெர்ட்டரிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ இருப்பதால் அணையாது. மாடி நோட் அணைந்து, கரண்ட் வந்ததும் மறுபடி எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் விழித்துக்கொண்ட கன்சோல், எட்டாத தூரத்திலுள்ள மெயின் ரவுட்டரைத் தேய்ந்த சிக்னலில் பிடித்துக்கொள்ளும். நோட் வந்த பிறகும் விடாது. மெஷ் ஆப்பின் சாதனப் பட்டியலில் கன்சோல் எந்த நோடின் கீழ் வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். தவறான இடத்தில் இருந்தால் கன்சோலின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஒரு சாதனத்தை ஒரு நோடோடு கட்டிவைக்கும் வசதி சில ஆப்களில் உண்டு, கன்சோலுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பழைய மாடல் கன்சோல்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-க்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. எவ்வளவு நல்ல மெஷ் வாங்கினாலும் அது 2.4 சந்துக்குள்தான் கிடக்கும்.

## எந்தத் தாவலில் கோளாறு என்று கண்டுபிடிப்பது

கன்சோலின் சோதனைப் பக்கம் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். பிரித்துப் பார்க்க ஒரு லேப்டாப்பும் ஒரு லேன் கேபிளும் போதும். வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் மாலை நேரத்தில் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, `ipconfig` என்று அடித்து `Default Gateway` எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் மெயின் ரவுட்டரின் முகவரி. அது 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால்:

```
ping -n 200 192.168.1.1
```

நொடிக்கு ஒன்றாக 200 பாக்கெட்டுகள் போகும், மூன்றரை நிமிடம் ஆகும். இதை மூன்று இடத்தில் செய்ய வேண்டும்.

1. லேப்டாப்பை லேன் கேபிளால் மெயின் ரவுட்டரில் செருகி. எல்லாம் 1 மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். இங்கேயே, வீட்டுக்கு வெளியே இன்டர்நெட்டில் உள்ள ஒரு சர்வரைத் தொட, `ping -n 200 1.1.1.1` என்றும் ஒருமுறை ஓட்டுங்கள். அதில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியேயோ, ரவுட்டரிலோ. மெஷைத் திட்ட வேண்டாம்.
2. லேப்டாப்பை லேன் கேபிளால் மாடி நோடில் செருகி. இப்போது காற்றில் இருப்பது பேக்ஹால் தாவல் ஒன்றே. முக்கியமான சோதனை இதுதான்.
3. கேபிளைப் பிடுங்கிவிட்டு, கன்சோல் இருக்கும் இடத்திலேயே வைஃபையில். இரண்டாவதைவிட இது எவ்வளவு மோசமோ, அது கன்சோல்-நோட் தாவலின் கணக்கு.

நம் மாதிரி வீட்டில் இரண்டாவது சோதனை இப்படி முடியும்:

```
Packets: Sent = 200, Received = 196, Lost = 4 (2% loss),
Minimum = 2ms, Maximum = 187ms, Average = 14ms
```

சராசரி 14 என்று பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்தோம். மேலே உருட்டி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 3, 4, 3, 3, 112, 5, 3, பிறகு ஒரு `Request timed out.`, மறுபடி 4 என்று இருக்கும். எதிராளி ஆட்டத்தில் நின்று நின்று குதிப்பது அந்த 112-ஆலும் 187-ஆலும்தான். இன்டர்நெட்டை இன்னும் தொடவே இல்லை, இது எல்லாம் வீட்டுக்குள்ளேயே, மாடிக்கும் கீழுக்கும் நடுவே நடந்தது.

இந்த இடத்தில் பலர் செய்வது, கன்சோலை லேன் கேபிளால் நோடில் செருகுவது. நல்லதுதான், காற்றில் ஒரு தாவல் குறைகிறது, மோதலும் குறைகிறது. ஆனால் இரண்டாவது சோதனையில் லேப்டாப் நின்ற இடத்தில் இப்போது கன்சோல் நிற்கிறது. அந்த 187 அப்படியே இருக்கும். கன்சோல் பெருமையாக ‘வயர்டு இணைப்பு’ என்று காட்டுவது கூடுதல் ஏமாற்று.

## நோடை நகர்த்துவது

செலவில்லாத வழி, நோடை டிவியிடமிருந்து பிரித்து ரவுட்டரை நோக்கிக் கொண்டுவருவது. மாடிவீட்டில் அதற்கு நல்ல இடம் படிக்கட்டு. தளத்தில் கான்கிரீட் இல்லாத ஒரே ஓட்டை அதுதான், சிக்னல் அதன் வழியாக ஏறிவரும். மாதிரி வீட்டில் நோடைப் படிக்கட்டின் மேல்முனையில் வைத்தால் பேக்ஹால் -76-லிருந்து -60-ஐ ஒட்டி ஏறும். கன்சோல் நோடைக் கேட்பது -42-லிருந்து -63-க்கு இறங்கும். கன்சோலில் ஒரு கோடு குறைந்துவிட்டதே என்று மனம் பதறும். ஆனால் இரண்டு தாவலும் இப்போது ஒரே தரத்தில் இருக்கின்றன. மூன்றாவது சோதனையை மறுபடி ஓட்டினால், பெரிய எண்கள் 187-லிருந்து முப்பது நாற்பதுக்குள் அடங்கியிருக்கும், டைம் அவுட் நின்றிருக்கும்.

இதற்கு எல்லை உண்டு. படிக்கட்டு வீட்டின் இன்னொரு கோடியில் இருந்தாலோ, அடுக்குமாடியில் அக்கம்பக்கத்துச் சேனல் நெரிசல் கடுமையாக இருந்தாலோ எங்கே வைத்தாலும் ஓரளவுக்கு மேல் தேறாது. மாதிரி வீட்டிலேயே முப்பது நாற்பது என்பது கால்பந்துக்குப் போதும், போட்டித்தனமான துப்பாக்கிச் சண்டைக்குக் கொஞ்சம் உறுத்தும். இன்னொரு நோடை நடுவில் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்த்தால் தாவல் மூன்றாகும், டூயல்-பேண்டில் அதே சேனலை ஒவ்வொரு பாக்கெட்டும் மூன்று தடவை அடைக்கும். சிக்னல் கோடு ஏறும், லேக்கும் ஏறலாம்.

இன்னொரு வழி, நோடுக்குப் பதில் மெயின் ரவுட்டரை நகர்த்துவது. ஃபைபர் பெட்டி ஜன்னலோரத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, மெஷின் மெயின் யூனிட்டை வீட்டின் நடுவே கொண்டுவந்தால் எல்லா அறைக்கும் தாவல் தூரம் குறையும்.

## கேபிள் இழுப்பது

உறுதியான தீர்வு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ரவுட்டரிலிருந்து மாடி நோடுக்கு லேன் கேபிள். பேக்ஹால் காற்றிலிருந்து கம்பிக்கு மாறியதும் காத்திருப்பு, மோதல், மறு அனுப்பல் எல்லாம் அந்தத் தாவலில் ஒழிகின்றன. கன்சோலையும் நோடில் கேபிளால் செருகிவிட்டால் முழுப் பாதையும் கம்பி. கேபிள் எப்படியும் மாடிக்கு வந்துவிட்டது என்றால் வேறெதுவும் யோசிக்க வேண்டியதில்லை.

கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை போகும், எந்த வீட்டுக்கும் போதும். வாங்கும்போது முழுத் தாமிரக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவான சுருள் கடைகளில் நிறையக் கிடைக்கிறது, அது சீக்கிரம் ஒடியும். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளை நுழைக்கக் கூடாது, அது பாதுகாப்பு விஷயம். வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோனால் வெயில் தாங்கும் மேலுறை உள்ள கேபிள் வேண்டும். சாதாரண உறை நம் வெயிலில் வெடித்துவிடும்.

சுவரைத் தொடவே முடியாத வாடகை வீட்டில், கரண்ட் வயரையே நெட்வொர்க் ஆக்கும் பவர்லைன் அடாப்டரைச் சிலர் முயல்கிறார்கள். இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால் ஓடலாம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸ், மாடி இன்னொரு ஃபேஸ் என்று பிரிந்திருந்தால் பெரும்பாலும் தடுமாறும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் மட்டும் முயன்று பார்க்கலாம்.

கேபிள் போட்ட பிறகும் லேக் அப்படியே இருந்தால், முதலில் மெஷ் ஆப்பைத் திறந்து அந்த நோடின் பேக்ஹால் வயர்டு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கேபிளின் எட்டு இழைகளில் ஏதாவது முனைப் பிளக்கில் சரியாக அழுந்திக் கிரிம்ப் ஆகாமல் இணைப்பு பிடிக்காவிட்டால், நோட் எதுவும் சொல்லாமல் பழையபடி வைஃபை பேக்ஹாலுக்கே திரும்பிவிடும். விளக்கு பச்சையாகவே எரியும். அப்போது இரண்டாவது சோதனையை இன்னொரு தடவை ஓட்டுங்கள். 200 வரிகளும் 1 மில்லி செகண்ட் என்று அடுக்கிவைத்தாற்போல் வந்தால் கேபிள் வேலை செய்கிறது. நடுவே ஒரு 112 எட்டிப் பார்த்தால், கேபிளின் இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.